குடல்வாலுக்குப் படுத்தவருக்குச் சிறுநீரகத்தில் கட்டி: எந்தச் செலவை மெடிக்கல் கார்டு கட்டும்?

மெடிக்கல் கார்டு கையில் இருந்தால், வார்டில் படுத்திருக்கும் நாள்களில் நடப்பதெல்லாம் அதில் அடங்கிவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையின் காப்புறுதி மேசையில் வேலை பார்த்த காலத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வியும் அதுதான்: "நான் இங்கேதானே படுத்திருந்தேன், அப்புறம் இதை மட்டும் ஏன் தள்ளிவிட்டார்கள்?"

காப்புறுதி நிறுவனம் கணக்குப் பார்க்கும் விதம் வேறு. அது நோய்வாரியாகப் பார்க்கும். நீங்கள் அட்மிட் ஆகும்போது மருத்துவமனைக்கு அது அனுப்பும் உத்தரவாதக் கடிதத்தில், அதாவது எல்லாரும் ஜிஎல் என்று சொல்லும் கடிதத்தில், ஒரு நோயின் பெயர் இருக்கும். அந்த நோய்க்காக, மருத்துவ ரீதியாகத் தேவைப்பட்ட செலவுக்குத்தான் அந்தக் கடிதம் பொறுப்பேற்கிறது. அதே கட்டிலில் இன்னொரு நோய் தெரியவந்தால், அந்த நோய்க்குத் தனிக் கணக்கு தொடங்குகிறது. எந்தச் செலவு பழைய கணக்கில் போகும், எது புதியதில் போகும், எது இரண்டிலும் சேராமல் உங்கள் தலையில் விழும் என்பதுதான் விஷயம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆளும் தொகைகளும் நான் விளக்கத்துக்காக அமைத்தவை. ஆனால் இந்த வரிசையில்தான் இவை நடக்கும்.

பிறையில் தொழிற்சாலை மேற்பார்வையாளராக இருக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். நான்கு வருடமாகச் சொந்தக் கார்டு வைத்திருக்கிறார். அதில் ஒவ்வொரு நோய்க்கும் முதல் 500 ரிங்கிட்டை அவரே கட்ட வேண்டும். ஒரு ராத்திரி வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல், வாந்தி. அவசரப் பிரிவில் ரத்தப் பரிசோதனை, பிறகு வயிற்றுக்கு சிடி ஸ்கேன். குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே அறுவை சிகிச்சை வேண்டும் என்று முடிவாகிறது. ஸ்கேன் அறிக்கையின் கடைசிப் பத்தியில் இன்னொரு வரி: இடது சிறுநீரகத்தில் மூன்று சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி, மேற்கொண்டு பார்க்கவும். ரத்தத்தில் சர்க்கரையும் கூடுதலாக இருக்கிறது. இரண்டுமே அவருக்குப் புதுச் செய்தி.

முதலில் அந்த சிடி ஸ்கேன். கட்டியைக் காட்டிக்கொடுத்தது அந்த ஸ்கேன்தான் என்பதால் அதன் செலவில் பாதியைச் சிறுநீரகக் கணக்கில் தள்ளுவார்களோ என்று சிலர் பயப்படுவார்கள். அப்படிச் செய்ய மாட்டார்கள். ஒரு பரிசோதனை எதற்காகக் கேட்கப்பட்டது என்பதுதான் கணக்கு. அதில் என்ன தெரிந்தது என்பது கணக்கில் வராது. குடல்வால் சந்தேகத்தில் எடுத்த ஸ்கேன், பத்து வேறு விஷயங்களைக் காட்டினாலும் குடல்வால் செலவுதான். அவசரப் பிரிவும் ரத்தப் பரிசோதனையும் 900, ஸ்கேன் 1,500, அறுவை சிகிச்சை எல்லாம் சேர்த்து 14,000, மூன்று ராத்திரி அறை 750, மருந்தும் டிரிப்பும் 2,000. ஆக 19,150 ரிங்கிட். இதில் தகராறே இல்லை.

அடுத்தது சர்க்கரை. உடம்புக்கு முடியாத நேரத்தில், அந்த நெருக்கடியாலேயே சர்க்கரை ஏறும். அதனால் உண்மையான நீரிழிவா, தற்காலிக ஏற்றமா என்று பார்க்க ஹெச்பிஏ1சி பரிசோதனை செய்வார்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை அது காட்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காமல் அறுத்தால் புண் ஆறுவது தாமதமாகும், சீழ் பிடிக்கும் ஆபத்தும் கூடும். ஆகவே வார்டில் போட்ட இன்சுலினும், பார்க்க வந்த மருத்துவரின் கட்டணமும், அந்தப் பரிசோதனையும் குடல்வால் சிகிச்சையைப் பத்திரமாக முடிக்கத் தேவைப்பட்டவை. 600 ரிங்கிட், கார்டு கட்டியது. ஆனால் வீட்டில் சர்க்கரை பார்க்க வாங்கிய கருவிக்கு 150 ரிங்கிட் அவரே கொடுத்தார். அதன் பிறகு மாதாமாதம் வாங்கும் மாத்திரையும் கிளினிக் செலவும் வெளிநோயாளி செலவு. அட்மிஷனுக்கென்று எடுத்த சாதாரணக் கார்டு அதைத் தொடாது. குடல்வால் டிஸ்சார்ஜுக்குப் பிந்திய தொடர்சிகிச்சைச் சலுகை இத்தனை நாள் என்று ஒன்று இருக்குமே, அதில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். அந்தச் சலுகை தையலைப் பார்க்கவும் குடல்வால் சம்பந்தப்பட்ட மருந்துக்கும்தான்.

இனி சிக்கலான பகுதி, சிறுநீரகம்.

அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு சிறுநீரக அறுவை மருத்துவரை வார்டுக்கு அழைத்தார். அவர் ஒரு தடவை வந்து பார்த்ததற்கு 250 ரிங்கிட். இது இரண்டு பக்கமும் பேசக்கூடிய செலவு. இந்த உதாரணத்தில் கார்டு கட்டியது, ஏனென்றால் அழைத்த காரணம் குறிப்பில் தெளிவாக இருந்தது: இந்தக் கட்டியால் இப்போதைய சிகிச்சையில் ஏதாவது மாற வேண்டுமா, ஏதாவது மருந்தைத் தவிர்க்க வேண்டுமா என்று கேட்டிருந்தார். வெறுமனே "கட்டி பார்க்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தால் கேள்வி வந்திருக்கும். மருத்துவர் எழுதும் அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கனம் உண்டு என்பது நோயாளிக்குத் தெரிவதில்லை. சில மருத்துவர்களுக்கே அதில் அக்கறை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாம் நாள் காலை வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை. அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது.

"வந்ததோடு வந்ததா எம்ஆர்ஐயும் எடுத்துட்டுப் போயிடலாம் அங்கிள். நாளைக்குக் காலையில ஸ்லாட் இருக்கு," என்றார் வார்டு தாதி.

"கார்டுல போயிடுமா தங்கச்சி?"

"இங்கதானே படுத்திருக்கீங்க. போயிடும்னு நெனக்கிறேன்."

நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் கார்டைப் பற்றிப் பேச வேண்டிய இடம் வார்டு அல்ல. எம்ஆர்ஐ 2,000, அதற்காகக் கூடுதலாகத் தங்கிய ஒரு ராத்திரிக்கு அறையும் மருத்துவர் வருகையுமாக 400. டிஸ்சார்ஜ் நேரத்தில் வந்த இறுதி ஜிஎல்லில் இரண்டும் இல்லை.

ஏன் இல்லை? மலேசிய மெடிக்கல் கார்டு ஒப்பந்தங்களில் நிறுவனம் பணம் கட்டாத செலவுகள் என்று ஒரு பட்டியல் உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் அதிகம் மாறாத பட்டியல் அது. பரிசோதனைக்காகவே, நோயைக் கண்டறிவதற்காகவே மருத்துவமனையில் தங்குவது அதில் ஒன்று. நான்காவது ராத்திரி அவர் கட்டிலில் இருந்ததற்குக் குடல்வால் காரணமில்லை, மறுநாள் எம்ஆர்ஐ ஸ்லாட்தான் காரணம். அந்த எம்ஆர்ஐயை வீட்டிலிருந்து வந்தே எடுத்துப் போகலாம். ஆகவே நிறுவனத்தின் பார்வையில் அது பரிசோதனைக்காகத் தங்கிய ராத்திரி. கட்டி ஆபத்தானதா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. எம்ஆர்ஐ தேவையில்லை என்றும் அவர்கள் சொல்லவில்லை. இந்த அட்மிஷனில், இந்த நோயின் கணக்கில் அது வராது என்றுதான் சொன்னார்கள்.

பில் மொத்தம் 22,550 ரிங்கிட். குடல்வால், சர்க்கரை, அந்த ஒரு வருகை எல்லாம் சேர்த்து 20,000 ஏற்கப்பட்டது. அதில் அவர் பங்கு 500 போக, கார்டு கட்டியது 19,500. அவர் கையிலிருந்து போனது அந்த 500, எம்ஆர்ஐ 2,000, கூடுதல் ராத்திரி 400, கருவி 150, ஆக 3,050.

வேறு விதமாகச் செய்திருக்க முடியுமா? முடியும். எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன்பே மருத்துவமனையின் காப்புறுதி மேசை, இரண்டாவது நோயின் பெயரைச் சேர்த்து ஜிஎல்லை விரிவுபடுத்தக் கேட்டு எழுதலாம். சிறுநீரக மருத்துவர், "இதை இப்போதே இங்கேயே செய்ய வேண்டும், காரணம் இது" என்று ஒரு பத்தி எழுதித் தர வேண்டும். கட்டியிலிருந்து ரத்தம் கசிகிறது, சிறுநீர் அடைபட்டிருக்கிறது என்பது போன்ற காரணம் இருந்தால் பெரும்பாலும் ஒப்புதல் கிடைக்கும். காத்திருக்கக்கூடிய கட்டி என்றால், வெளிநோயாளியாகச் செய்யுங்கள் என்று பதில் வரும். அந்தப் பதிலும் லாபம்தான், 400 ரிங்கிட் மிச்சம். பதில் வரும்வரை ஸ்லாட்டைப் பிடித்து வைத்துவிடாதீர்கள்.

அறுவை மேசையிலேயே இன்னொன்று கண்ணில் படுவதும் இப்படித்தான். குடல்வால் எடுக்கும்போது சினைப்பையில் முறுக்கிக்கொண்ட நீர்க்கட்டி தெரிந்தால் அதை அப்படியே விட முடியாது. எடுத்துவிட்டு, அறுவைக் குறிப்பில் காரணத்தை எழுதினால் கேள்வி குறைவு. ஒரு தொந்தரவும் தராமல் கிடக்கும் பித்தப்பைக் கல்லை, வயிற்றைத் திறந்ததோடு பித்தப்பையையும் எடுத்துவிட்டோம் என்றால் மருத்துவத் தேவை எங்கே என்று கேட்பார்கள்.

அந்த 2,000 ரிங்கிட் போனது போனதா? இல்லை. இது பலருக்குத் தெரியாத இடம். பெரும்பாலான கார்டுகளில், அட்மிஷனுக்கு முன் செய்த பரிசோதனைகளுக்கும் நிபுணர் ஆலோசனைக்கும் ஒரு சலுகை உண்டு. கார்டைப் பொறுத்து 30 நாள், 60 நாள் என்று இருக்கும். நிபந்தனை: அந்தப் பரிசோதனையைத் தொடர்ந்து, அதே நோய்க்கு அந்த நாள்களுக்குள் அட்மிட் ஆகிச் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். அட்மிஷன் இல்லாமல், "கவலை இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்" என்று முடிந்தால் பரிசோதனைச் செலவு உங்களுடையது. நல்ல செய்திக்கு நாம் காசு கட்டுகிறோம், கெட்ட செய்திக்குக் கார்டு கட்டுகிறது. விசித்திரமாகத்தான் இருக்கும், ஆனால் ஒப்பந்தம் அப்படி.

நம் ஆளுக்கு எம்ஆர்ஐ முடிவு சந்தேகத்தைக் கூட்டியது. 41 நாள் கழித்து, சிறுநீரகத்தில் கட்டி இருந்த பகுதியை மட்டும் நீக்கும் அறுவை சிகிச்சைக்கு அட்மிட் ஆனார். கார்டில் 60 நாள் சலுகை இருந்ததால், எம்ஆர்ஐ ரசீதையும் அறிக்கையையும் சிறுநீரகக் கணக்கில் சேர்த்துப் பணத்தைத் திரும்பக் கேட்க முடிந்தது. 30 நாள் கார்டாக இருந்தால் 11 நாள் வித்தியாசத்தில் தவறவிட்டிருப்பார். அறுவை நாளைக் குறிக்கும்போது இதைப் பார்க்க வேண்டியது இதனால்தான். மருத்துவர் உங்கள் கார்டைப் படித்துவிட்டு நாள் குறிப்பதில்லை. கூடுதல் ராத்திரியின் 400 மட்டும் திரும்பி வராது, ஏனென்றால் அது பரிசோதனைச் செலவு அல்ல, அறைச் செலவு.

இந்த இரண்டாவது அட்மிஷன் புதிய நோய் என்பதால், அவர் பங்கு 500 ரிங்கிட் மறுபடியும் போகும். 2024 செப்டம்பரிலிருந்து, இப்படி நோயாளியும் பங்கு கட்டும் திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று பேங்க் நெகாரா சொன்னது. குறைந்தது ஐந்து விழுக்காடு அல்லது 500 ரிங்கிட். அப்படிப்பட்ட கார்டு எடுத்தவர்கள், ஒரு படுக்கையில் இரண்டு நோய் என்றால் இரண்டு தடவை பங்கு கட்ட நேரலாம் என்பதை மனத்தில் வைக்க வேண்டும். அதே குடல்வாலை எடுத்த இடத்தில் சீழ் பிடித்து இரண்டு வாரத்தில் திரும்பி வந்தால் அது பழைய நோயின் தொடர்ச்சி. டிஸ்சார்ஜ் ஆகி 90 நாள் அந்த நோய்க்கு மருந்தோ சிகிச்சையோ ஆலோசனையோ எதுவும் இல்லாமல் கடந்த பிறகு வந்தால்தான் அதைப் புதிய நோயாக எண்ணுவார்கள்.

இதுவரை சொன்னது எது எந்தக் கணக்கில் என்பது. ஆனால் சிறுநீரகக் கணக்கையே திறக்க மறுக்கும் வாய்ப்பும் உண்டு. தற்செயலாகத் தெரிந்த நோயில்தான் இது அதிகம் வரும், ஏனென்றால் மூன்று சென்டிமீட்டர் கட்டி நேற்று முளைத்ததல்ல என்பது எல்லாருக்கும் தெரியும்.

நிறுவனம் மருத்துவருக்கு அனுப்பும் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: இந்த நோய் எவ்வளவு காலமாக இருந்திருக்கும் என்று கருதுகிறீர்கள்? மருத்துவர் நேர்மையாக, "பல ஆண்டுகளாக இருந்திருக்கலாம்" என்று எழுதுவார். உடனே ஜிஎல் நின்றுவிடும். முன்பே இருந்த நோய் என்ற சந்தேகத்தில் பழைய கிளினிக் பதிவுகளைக் கேட்பார்கள். பயந்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் முன்பே இருந்த நோய் என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம், உடம்பில் இருந்ததா என்பதல்ல, உங்களுக்கு நியாயமாகத் தெரிந்திருக்குமா என்பதே. அந்த நோய்க்கு முன்பு சிகிச்சை பெற்றிருந்தால், மருத்துவர் முன்பே கண்டறிந்திருந்தால் அல்லது ஆலோசனை சொல்லியிருந்தால், தெளிவான அறிகுறிகள் இருந்திருந்தால், சாதாரண மனிதர் எவரும் கவனித்திருக்கக்கூடிய நிலை இருந்திருந்தால்தான் அது பொருந்தும். சத்தமில்லாமல் வளர்ந்த கட்டி இதில் எதிலும் சேராது. அதனால் மருத்துவர் பதிலில் "நோயாளிக்கு அறிகுறி ஏதும் இருந்ததில்லை, வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் முதன்முறையாகத் தெரிந்தது" என்ற வாக்கியமும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உண்மையாக இருந்தால் அதை எழுத மருத்துவருக்குத் தயக்கம் இருக்காது.

சர்க்கரையில் நிலைமை வேறு. இரண்டு வருடமாக இரவில் நான்கு தடவை எழுந்து போகிறேன், தாகம் அடங்கவே இல்லை என்று அட்மிஷனில் சொல்லியிருந்தால், அது குறிப்பில் ஏறிவிடும், அறிகுறி என்ற சொல்லுக்குள் வந்துவிடும். மறைக்கச் சொல்லவில்லை, மறைத்தால் சிகிச்சையே தப்பாகும். ஆனால் "ரொம்ப நாளா" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், எப்போதிலிருந்து என்று யோசித்துச் சரியாகச் சொல்லுங்கள். போன மாதத்திலிருந்து என்பதற்கும் ரொம்ப நாளாக என்பதற்கும் இடையே ஒரு கார்டின் வயதே இருக்கலாம்.

கார்டு புதியது என்றால் இன்னொரு வேலி உண்டு. தொடங்கிய முதல் 30 நாளில் விபத்தைத் தவிர எந்த நோய்க்கும் கட்ட மாட்டார்கள். சில குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள் காத்திருப்பு: ரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய், எல்லா வகைக் கட்டிகளும் புற்றுநோயும் நீர்க்கட்டிகளும், சிறுநீர்ப் பாதைக் கற்கள், பித்தக் கற்கள், குடலிறக்கம், மூலம், முதுகெலும்பு, முழங்கால் என்று போகும் பட்டியல். தற்செயலாகத் தெரியவரும் நோய்களில் பெரும்பாலானவை இதில்தான் இருக்கின்றன. நம் ஆளின் கார்டுக்கு 95 நாள்தான் வயது என்று வைத்துக்கொண்டால், குடல்வாலுக்குக் கட்டியிருப்பார்கள், சிறுநீரகக் கட்டிக்குக் கட்டியிருக்க மாட்டார்கள்.

ஜிஎல் கிடைக்கவில்லை என்பதும் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல. விசாரிக்க நேரம் போதவில்லை என்றாலும் ஜிஎல் மறுப்பார்கள். சொந்தமாகக் கட்டிவிட்டு, செலவுகளைத் தனித்தனியாகக் காட்டும் பில், ரசீதுகள், மருத்துவர் நிரப்பிய படிவம், ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றையும் வைத்துப் பிறகு கேட்கலாம். கட்ட வசதி இல்லை என்றால், காத்திருக்கக்கூடிய சிகிச்சைக்கு ஸ்கேன் அறிக்கையும் பரிந்துரைக் கடிதமும் வாங்கிக்கொண்டு பினாங்கு பொது மருத்துவமனைக்குப் போகலாம். அங்கே செலவு சொற்பம், காத்திருப்புதான் விலை. எழுத்து மூலம் இறுதி நிராகரிப்பு வந்தால், அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை ஆம்புட்ஸ்மன் சேவையிடம் புகார் செய்யலாம். 2025 ஜனவரி முதல் அந்தப் பெயரில் இயங்குகிறது. 250,000 ரிங்கிட் வரையிலான காப்புறுதித் தகராறுகளைப் பார்க்கிறார்கள், புகார் செய்பவரிடம் கட்டணம் வாங்குவதில்லை.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு ஏஜெண்ட் வந்து, இதைவிட நல்ல கார்டு இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வது சகஜம். ஸ்கேனில் ஒன்று தெரிந்துவிட்ட பிறகு அது உங்களுக்குத் தெரிந்த நோய். புதுக் கார்டுக்கான விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும். சொன்னால் அந்தச் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் விலக்கி வைத்துத்தான் பெரும்பாலும் தருவார்கள். பழைய கார்டு உயிரோடு இருக்கும்வரை அந்த இரண்டும் அதில் அடக்கம். கம்பெனி கார்டை மட்டும் நம்பியிருப்பவருக்கு இந்தப் பிடிமானமும் இல்லை. வேலை மாறினால் அந்தக் கார்டு நின்றுவிடும், புது இடத்தின் கார்டு முன்பே இருந்த நோயை ஏற்குமா என்பது அந்தக் கம்பெனி வாங்கியிருக்கும் திட்டத்தைப் பொறுத்தது. ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன் அதை மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.